புதுக்கோட்டையின் நீளமான கோடு

எட்டு ஊர்களில் மருந்துக்கடை நடத்தும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விளக்குவதற்காக நானே அமைத்துக்கொண்ட நிறுவனம் இது. இதன் எண்களும் அப்படித்தான். எல்லாக் கடைகளிலும் ஒரே புகார்: பில் போட வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ஏப்ரலில் எட்டுக் கடைகளிலும் டோக்கன் முறை கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஜனவரியிலும், பின் ஜூலையிலும், மருந்து வாங்கி வெளியே வருபவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ‘காத்திருந்த நேரம் உங்களுக்குத் திருப்தியா?’ ஆம் என்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேரோ அதுதான் அந்தக் கிளையின் மதிப்பெண்.

அரியலூர்: 84 → 74
மன்னார்குடி: 80 → 78
கும்பகோணம்: 76 → 86
திருச்சி: 71 → 74
தஞ்சாவூர்: 69 → 72
கரூர்: 64 → 56
பெரம்பலூர்: 56 → 68
புதுக்கோட்டை: 52 → 68

இந்தப் பதினாறு எண்களை மேலாளர்கள் கூட்டத்தில் எப்படிக் காட்டுவது? வழக்கமாகப் போடுவது ஜோடி ஜோடியாக நிற்கும் தூண்கள். ஒவ்வொரு ஊருக்கும் நீலத்தில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று. பதினாறு தூண்கள் வரிசையாக நின்றுவிடும். எது கூடியது, எது குறைந்தது என்று பார்க்க ஒவ்வொரு ஜோடியின் தலைப்பகுதியையும் கண் தேடிப் போக வேண்டும். நமக்கு வேண்டியது இரண்டு தூண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். அதுவோ அந்தப் படத்தில் வரையப்படவே இல்லை.

டம்பெல் வரைபடம் அந்த வித்தியாசத்தையே வரைகிறது. கீழே கிடையாக ஒரே ஒரு அளவுகோல். ஊருக்கு ஒரு வரி. அந்த வரியில் ஜனவரி மதிப்பெண் நிற்கும் இடத்தில் உள்ளே நிரப்பாத ஒரு வட்டம், ஜூலை மதிப்பெண்ணில் நிரப்பிய ஒரு வட்டம், இரண்டையும் இணைத்து ஒரு கோடு. உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல்லைப் படுக்கவைத்தது போலிருப்பதால் அந்தப் பெயர். புதுக்கோட்டையின் கோடு 52-இல் தொடங்கி 68 வரை வலப்பக்கம் நீள்கிறது. அரியலூரின் கோடு 84-இலிருந்து இடப்பக்கம் 74-க்கு வருகிறது. மன்னார்குடியில் இரண்டு வட்டங்களும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மூன்று விநாடியில் படம் பிடிபட்டுவிடும்.

இது கண்ணுக்கு எளிதாக இருப்பதற்கு ஓர் ஆராய்ச்சிப் பின்னணி உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வரைபடத்தைப் பார்த்து அளவை ஊகிக்கும்போது மனிதர்கள் எந்த வேலையில் குறைவாகத் தவறுகிறார்கள், எதில் அதிகமாகத் தவறுகிறார்கள் என்பதைச் சோதனை செய்து வரிசைப்படுத்திய கட்டுரை அது. ஒரே அளவுகோலின் மீது இரண்டு புள்ளிகள் எங்கே நிற்கின்றன என்று சொல்வதில்தான் நம் கண் மிகத் துல்லியம். நீளத்தை ஒப்பிடும்போது அதைவிடத் தவறு கூடுகிறது. கோணத்திலும் அப்படித்தான். வட்டத்தை வெட்டிக் காட்டும் படங்கள் பார்க்க அழகாக இருந்தும் படிக்கச் சிரமமாக இருப்பது அதனால்தான். கிளீவ்லண்ட் தூண்களுக்குப் பதிலாகப் புள்ளிகளையே பயன்படுத்தலாம் என்று வலியுறுத்தியவர்; டம்பெல் வரைபடம் அந்தப் புள்ளிப் படத்தின் வாரிசு.

வரைவதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது அளவுகோலின் தொடக்கம். தூண் என்றால் பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும். தூணின் முழு நீளமும்தான் அங்கே அளவைச் சொல்கிறது. புள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஏனென்றால் அது இடத்தால் பேசுகிறது. நம் படத்தை 40-இல் தொடங்கி 100-இல் முடிக்கலாம். அதையே 50 முதல் 90 வரை சுருக்கினால் எல்லாக் கோடுகளும் ஒன்றரை மடங்கு நீளமாகத் தெரியும். கணக்கில் பொய் இல்லை, பார்ப்பவர் மனத்தில் பதியும் பரபரப்பு மட்டும் கூடும். ஆகவே அளவுகோலின் எண்களைத் தெளிவாகப் போட வேண்டும்; போன காலாண்டுப் படத்துக்கும் இந்தக் காலாண்டுப் படத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

இரண்டாவது, திசை. கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது கோட்டில் எழுதியிருக்காது. எந்த வட்டம் முன், எந்த வட்டம் பின் என்று தெரிந்தால்தான் புரியும். பச்சை, சிவப்பு என்று வண்ணத்தை மட்டும் நம்பினால், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அரியலூரும் புதுக்கோட்டையும் ஒன்றாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் எல்லோருக்குமே அந்தக் கதிதான். வெற்று வட்டம், நிரப்பிய வட்டம் என்று உருவத்தால் பிரிப்பது எந்தத் தாளிலும் நிற்கும்.

இப்படிச் சரியாக வரைந்து, ஜனவரி மதிப்பெண்ணின்படி மேலிருந்து கீழாக அடுக்கித் திரையில் போட்டாயிற்று. கூட்டத்தில் என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியும். எல்லோர் கண்ணும் மிக நீளமான கோட்டுக்குப் போகும். புதுக்கோட்டை 16 கூடியிருக்கிறது, மேலாளருக்குக் கைதட்டல். அரியலூர் 10 குறைந்திருக்கிறது. என்ன ஆயிற்று என்று விளக்கம் கேட்பார்கள். பிறகு யாராவது ஒரு பொதுவான கருத்தைச் சொல்வார்: பின்தங்கியிருந்த கிளைகளுக்கு டோக்கன் முறை நன்றாகக் கைகொடுத்திருக்கிறது, மேலே இருந்தவர்கள் மெத்தனமாகிவிட்டார்கள். படத்தில் அது அப்படியே தெரிகிறது. கடைசி இரண்டு கோடுகளும் வலப்பக்கம், முதல் இரண்டும் இடப்பக்கம்.

இந்த முடிவுகளில் ஒன்றையும் ஏற்கக்கூடாது என்பதே என் கருத்து. எல்லாவற்றையும் மாற்றும் ஒரு தகவல் படத்தில் இல்லை: ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேரிடம் கேட்டார்கள்?

திருச்சியும் தஞ்சாவூரும் பெரிய கடைகள். ஒவ்வொரு சுற்றிலும் 400 பேரிடம் கேட்டார்கள். மற்ற ஆறு ஊர்களிலும் 50 பேர்தான். இப்போது புதுக்கோட்டையை அருகில் போய்ப் பார்ப்போம். 52 என்றால் ஐம்பதில் 26 பேர். 68 என்றால் ஐம்பதில் 34 பேர். கைதட்டல் வாங்கிய அந்த நீளமான கோடு முழுவதும் எட்டே எட்டுப் பேர். ஜனவரியில் கேட்ட ஐம்பது பேரும் ஜூலையில் கேட்ட ஐம்பது பேரும் வேறு வேறு ஆட்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கடையில் எதுவுமே மாறாமல் இருந்தாலும், அன்றைக்கு வாசலில் யார் அகப்பட்டார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் ஆடும்.

எவ்வளவு ஆடும் என்று சொல்ல ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கேட்டவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 100-ஐ அதனால் வகுக்க வேண்டும். சதவீதமாகச் சொல்லும் எந்த மதிப்பெண்ணும் இருபது முறைக்கு ஏறக்குறைய பத்தொன்பது முறை அந்த அளவுக்குள்ளேதான் ஆடும். 50-இன் வர்க்கமூலம் சுமார் 7; நூறை ஏழால் வகுத்தால் 14. அதாவது ஐம்பது பேரிடம் வாங்கிய மதிப்பெண் மேலும் கீழும் 14 வரை வெறும் தற்செயலாலேயே நகரலாம். டம்பெல்லில் இரண்டு முனையும் ஆடுகின்றன. அதனால் நடுவிலுள்ள கோட்டின் ஆட்டம் இன்னும் கூடுதல்: 14-ஐ 1.4-ஆல் பெருக்க வேண்டும், 20 வருகிறது. புதுக்கோட்டையின் 16 இதற்குள் அடங்கிவிடுகிறது. அரியலூரின் 10-ம், கும்பகோணத்தின் 10-ம் அப்படியே. திருச்சிக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு முனைக்கு 5, கோட்டுக்கு 7. அங்கே கூடியது 3 மட்டுமே என்றாலும், அந்த 3-க்குப் பின்னால் 400 பேர் இருக்கிறார்கள்.

டம்பெல் வரைபடத்தின் மிகப் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. மிக நீளமான கோடுகள் பெரும்பாலும் மிகக் குறைவான ஆட்களிடம் கேட்ட கிளைகளுடையவையாகவே இருக்கும், ஏனென்றால் அவைதான் அதிகம் ஆடுகின்றன. நம் கண்ணோ நீளமான கோட்டைத்தான் முதலில் பிடிக்கிறது. நம்பத் தகுதி குறைந்த எண்ணைப் பார்த்து முதலில் நம்பும்படி படமே நம்மைத் தூண்டுகிறது. ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ‘50 பேர்’, ‘400 பேர்’ என்று எழுதிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். ஒவ்வொரு வட்டத்துக்கும் இருபுறமும் அந்த ஆட்டத்தின் அளவை மெல்லிய சாம்பல் கோடாகப் போட்டால் இன்னும் நல்லது. படத்தின் அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அடுத்த கேள்வி, கூட்டத்தில் ஒருவர் சொன்ன பொதுக்கருத்தைப் பற்றியது. கீழே இருந்தவை ஏறின, மேலே இருந்தவை இறங்கின என்பது கண்ணெதிரே தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். டோக்கன் இயந்திரமே வாங்காமல் விட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். ஜனவரியில் கடைசி இடத்தில் ஒரு கிளை நிற்கிறது என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கும். அந்தக் கிளை உண்மையிலேயே கொஞ்சம் சுமாராக இருக்கலாம். அதோடு அந்த மாதம் அதற்கு நேரமும் சரியில்லாமல் போயிருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மாதத்துக்கு ஒரே தடவையாக வாங்குகிறவர்கள் சம்பளம் வந்த முதல் வாரத்தில் மொத்தமாக வருவார்கள். அந்த வாரத்தில் கேள்வி கேட்டிருந்தால் யார்தான் திருப்தி என்பார்கள்? முதல் காரணம் ஜூலையிலும் கூடவே இருக்கும். இரண்டாவது, அதே அளவில் திரும்ப வருவதற்கு அவசியமில்லை. ஆகவே கடைசியில் நின்ற கிளை பொதுவாக மேலே வரும். முதலிடத்தில் நின்ற கிளைக்கு இதன் மறுபக்கம் நடக்கும். சராசரியை நோக்கிய இந்தப் பின்னடைவைப் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் காட்டினார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை.

வியாபாரக் கணக்கில் இதே பொறியில் விழுந்தவர் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஹொரேஸ் செக்ரிஸ்ட், 1933-இல் நானூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு நூல் வெளியிட்டார். பல்பொருள் அங்காடிகள் உட்படப் பல தொழில்களை எடுத்து, 1920-இல் யார் மேலே, யார் கீழே என்று குழு பிரித்து, பத்து ஆண்டுகள் அந்தக் குழுக்களைத் தொடர்ந்தார். மேலே இருந்த குழு இறங்கியது, கீழே இருந்தது ஏறியது. போட்டி மிகுந்த சந்தையில் சிறந்தவர்களும் நடுத்தரமாகிவிடுகிறார்கள், நடுத்தரமே வெல்கிறது என்று தீர்ப்பெழுதினார். நூலின் தலைப்பும் அதுதான்.

ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற புள்ளியியலாளர் அதற்கு மதிப்புரை எழுதினார். 1920-இன்படி குழு பிரித்தால் பிறகு நடுவை நோக்கி வருவது கணிதத்தின் விளைவு, வியாபாரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்றார். செக்ரிஸ்ட் விடவில்லை, மறுத்து எழுதினார். ஹோட்டலிங் கொடுத்த பதில் புள்ளியியலாளர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. யானைகளை வரிசையும் நிரையுமாக நிறுத்திப் பெருக்கல் வாய்ப்பாட்டை நிரூபித்துவிட்டு, பிறகு வேறு பல விலங்குகளையும் அப்படியே நிறுத்தி நிரூபிப்பதற்கு இந்த உழைப்பை ஒப்பிட்டார். பார்க்கச் சுவாரசியமாக இருக்கலாம், விலங்கியலுக்கோ கணிதத்துக்கோ அதனால் புதிதாக ஒன்றும் கிடைக்காது என்பது அவர் வாதம்.

ஹோட்டலிங்கின் வாதத்தை நம் மருந்துக்கடைகளிலேயே சோதித்துப் பார்க்கலாம், ஒரு நிமிடம் போதும். அதே எட்டு டம்பெல்களை ஜூலை மதிப்பெண்ணின்படி மறுபடி அடுக்குங்கள். இப்போது உச்சியில் கும்பகோணம்: 76-இலிருந்து 86-க்கு ஏறியிருக்கிறது. அடியில் கரூர்: 64-இலிருந்து 56-க்கு இறங்கியிருக்கிறது. இந்தப் படத்தைப் பார்ப்பவர் என்ன சொல்வார்? நன்றாக நடக்கும் கிளை இன்னும் நன்றாகிவிட்டது, மோசமான கிளை இன்னும் மோசமாகிவிட்டது, டோக்கன் முறை இடைவெளியைப் பெரிதாக்கிவிட்டது என்பார். எண் ஒன்றுகூட மாறவில்லை, அடுக்கிய வரிசைதான் மாறியது. அடுக்கை மாற்றியதும் தலைகீழாகும் ஒரு முடிவு கிளைகளைப் பற்றியதாக இருக்க முடியாது.

கிளைகளுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு உண்மையிலேயே குறைந்ததா என்று கேட்டால், அதற்கான சரியான சோதனை வேறு. ஜனவரி வட்டங்களை மட்டும் பாருங்கள்: 52 முதல் 84 வரை பரவிக் கிடக்கின்றன, அகலம் 32. ஜூலை வட்டங்கள் 56 முதல் 86 வரை, அகலம் 30. பரவல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜூலை வட்டங்கள் எல்லாம் 66-க்கும் 76-க்கும் நடுவில் வந்து நெருங்கியிருந்தால், அப்போது கவனித்துப் பேச வேண்டிய விஷயம் ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்லலாம்.

அப்படியானால் டோக்கன் முறையால் பயனே இல்லையா? அதையும் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஜனவரியில் கேட்ட 1,100 பேரில் 766 பேர் திருப்தி என்றார்கள்; ஜூலையில் கேட்ட 1,100 பேரில் 799 பேர். நூற்றுக்கு 3 பேர் கூடியிருக்கிறார்கள். 1,100 பேருக்கு அந்த வர்க்கமூலக் கணக்கைப் போட்டால் கோட்டின் தற்செயலான ஆட்டம் 4-க்குச் சற்று மேல். பயன் இருந்திருக்கலாம், நிரூபணம் ஆகவில்லை. அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் டோக்கன் மட்டுமா வந்தது? புது ஆட்கள் சேர்ந்திருக்கலாம், எதிரே வேறொரு மருந்துக்கடை திறந்து கூட்டம் குறைந்திருக்கலாம், ஜனவரியில் மாத முதல் வாரத்தில் கேட்டுவிட்டு ஜூலையில் மூன்றாம் வாரத்தில் கேட்டிருக்கலாம். கோடு இவை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுகிறது, பிரித்துக் காட்டுவதில்லை.

பிரிக்க வேண்டுமானால் டோக்கனைக் கொண்டுவருவதற்கு முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். எட்டுக் கிளைகளின் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்கி, நான்கில் மட்டும் டோக்கன் வைக்க வேண்டும். மற்ற நான்கில் ஜூலை வரை பழைய முறையே. எட்டுக்கும் டம்பெல் வரைந்து இரண்டு கூட்டமாகப் பிரித்து அடுக்கினால், டோக்கன் இல்லாத நான்கும் 3 கூடியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கூடியிருந்தால் அந்த 3-ஐ டோக்கனின் பயன் என்று சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்குவதை இங்கே விட்டுவிடக்கூடாது. மோசமான நான்கு கிளைகளைப் பார்த்துப் பார்த்து டோக்கன் கொடுத்தால், அவை தாமாகவே மேலே வரும் வரவெல்லாம் டோக்கனின் சாதனையாகக் கணக்கில் ஏறிவிடும். நிர்வாகம் அப்படித்தான் கொடுக்கும் என்றால், தேர்ந்தெடுக்க ஒரு மாத மதிப்பெண்ணையும், படத்தில் ‘முன்’ என்று போட அடுத்த மாதம் புதிதாக எடுத்த மதிப்பெண்ணையும் பயன்படுத்தலாம். தற்செயலான ஏற்றத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதங்களுக்கு நடுவிலேயே முடிந்துவிடும்.

எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்கும் அதே கணக்கு உதவும். ஒரு கிளையில் 50 பேரிடம் கேட்டால் கோடு 20 வரை தற்செயலாக நீளும் என்று பார்த்தோம். 200 பேரிடம் கேட்டால் அது 10 ஆகும், 800 பேரிடம் கேட்டால் 5. துல்லியத்தை இரண்டு மடங்காக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். செலவு அதில்தான் இருக்கிறது. சிறிய ஊர்க் கடையில் ஒரே மாதத்தில் 800 பேர் கிடைக்க மாட்டார்கள். அங்கே மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்து ஒரு வட்டமாக வைப்பதே வழி. மாதவாரியாகவும் எண்கள் கையில் இருந்தால் டம்பெல்லை விட்டுவிட்டு, ஊருக்கு ஒரு கோடாக மாதம் மாதம் தொடர்ந்து வரைவது இன்னும் மேல். இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் எண் எப்படி ஏறி இறங்கியது என்பதை டம்பெல் மறைத்துவிடுகிறது. புதுக்கோட்டை டிசம்பரில் 66 ஆக இருந்து ஜனவரியில் மட்டும் 52-க்குச் சரிந்திருந்தால், கைதட்டல் வாங்கிய 16-இல் பெரும்பகுதி பழைய இடத்துக்குத் திரும்பியதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் கிளைகளை ஒப்பிட்டுக் காட்ட இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. அதை வைத்து ஆட்களுக்குத் தீர்ப்பு எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். புதுக்கோட்டையில் கூடியது எட்டுப் பேர். அரியலூரில் குறைந்தது ஐந்தே பேர், 42 பேர் 37 ஆனார்கள். இந்தப் பதின்மூன்று பேரை வைத்து ஒரு மேலாளருக்கு ஊக்கத்தொகையும் இன்னொருவருக்கு மெமோவும் கொடுப்பது அநியாயம். அடுத்த கூட்டத்தில் இப்படி ஒரு படம் திரையில் வந்தால், கோட்டின் நீளத்தைப் பற்றி யாரும் பேசத் தொடங்குமுன், ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.